பர்ஸ், பிட், மாத்திரை: எந்தச் சம்பவத்தை எழுதுவது?

குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் அறவியல் தாள் 2013இல்தான் முதன்முதலாக வந்தது. பொதுப்பாடத்தின் நான்காம் தாள், 250 மதிப்பெண், மூன்று மணி நேரம். அந்த முதல் தாளிலேயே தேர்வர்கள் பலரைத் திணறவைத்த ஒரு கேள்வி இருந்தது. மனச்சாட்சி நெருக்கடி என்றால் என்ன, உங்கள் வாழ்க்கையில் அப்படி ஒரு நெருக்கடி வந்த நிகழ்வைச் சொல்லி, அதை எப்படித் தீர்த்தீர்கள் என்று எழுதுங்கள் என்பது கேள்வி. 150 சொற்கள், 10 மதிப்பெண். 2019இல் அதே சொல் மறுபடியும் வந்தது. ஆனால் அந்த முறை சொந்த அனுபவத்தைக் கேட்கவில்லை, பொதுவாழ்வில் அது எப்படி வெளிப்படுகிறது என்று கேட்டார்கள்.

என் அக்கா மகள் இந்தப் பழைய கேள்வியை எழுதிப் பார்க்க உட்கார்ந்தபோது மூன்று சம்பவங்களோடு வந்தாள். மருந்தியல் பட்டம் முடித்து மூன்று ஆண்டுகள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது தமிழ்வழியில் இந்தத் தேர்வுக்குப் படிப்பவள். “மூன்றுமே நடந்தவை, மாமா. எதை எழுதினால் எடுபடும்?” என்று கேட்டாள். எடுபடுவதைப் பற்றி அப்புறம் பேசலாம், எது கேள்விக்குப் பதில் என்று முதலில் பார்க்கலாம் என்றேன். அன்றைய ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போயிற்று.

முதல் சம்பவம், பஸ்ஸில் கிடைத்த பர்ஸ். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில், இருக்கைக்கு அடியில் ஒரு பர்ஸ் கிடந்திருக்கிறது. உள்ளே நான்காயிரத்துச் சொச்சம் ரூபாய். அந்த வாரம் அவளுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டவேண்டியிருந்தது, வீட்டில் பணம் இல்லை. யோசித்துவிட்டு நடத்துநரிடம் கொடுத்துவிட்டாள். உண்மையான சம்பவம், நல்ல செயல். ஆனால் விடைத்தாளுக்கு உதவாது.

ஏன் என்று சொல்ல எனக்கு ஒரே ஒரு சோதனைதான் தெரியும். நீங்கள் தேர்ந்தெடுக்காத வழிக்காக வாதாட ஒரு நேர்மையான ஆள் முன்வருவாரா? பர்ஸை எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று வாதாட எந்த நேர்மையான ஆளும் வரமாட்டார். ஒரு பக்கம் நியாயம், மறுபக்கம் ஆசை. இதற்குச் சபலம் என்று பெயர். அதை வென்றதற்காக நம்மை நாமே தட்டிக்கொடுத்துக் கொள்ளலாம், ஆனால் அங்கே எடைபோட எதுவும் இருந்ததில்லை. எடைபோட எதுவும் இல்லாதபோது ‘எப்படித் தீர்த்தீர்கள்’ என்ற கேள்வியின் பாதிக்கு விடையே இராது. தேர்வுக் கட்டணத்தைச் சேர்த்துச் சொன்னால் கதை கொஞ்சம் கனக்கும், உண்மைதான். கனப்பது சபலம்தான், எதிர்த்தரப்பு நியாயம் அல்ல.

இங்கே ஒரு மொழிச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தேர்வைத் தமிழில் எழுதலாம், ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் அச்சாகும். தமிழ்வழித் தேர்வர் ஆங்கிலக் கேள்வியைப் படித்து, தலைக்குள் தமிழாக்கி, அதன் பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும். ‘கிரைசிஸ்’ என்பதைப் ‘பிரச்சினை’ என்று மாற்றிக்கொண்டால் பர்ஸ் கதை போதும் என்று தோன்றிவிடும். நெருக்கடி என்று எடுத்துக்கொண்டால் இரண்டு பக்கச் சுவர்களும் தேவைப்படும். அக்கா மகள் தன் குறிப்பேட்டில் ‘மனச்சாட்சிப் பிரச்சினை’ என்றுதான் எழுதி வைத்திருந்தாள்.

இரண்டாவது, தேர்வறைச் சம்பவம். விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த தோழி, இறுதித் தேர்வில் பிட் வைத்து எழுதியதை இவள் பார்த்துவிட்டாள். தோழிக்கு அப்பா இல்லை, ஒரு தாள் போனாலும் படிப்பு நின்றுவிடும். மறுபக்கம், இரவெல்லாம் கண்விழித்துப் படித்த மற்றப் பிள்ளைகள். இது நமது சோதனையில் தேறிவிடுகிறது. பேசாமல் இருப்பதற்கும் வாதாட ஆள் கிடைப்பார், சொல்லிவிடுவதற்கும் கிடைப்பார். நட்பும் பரிவும் ஒரு தட்டில், நியாயம் இன்னொரு தட்டில்.

“அப்புறம் என்ன செய்தாய்?” என்று கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. “ஒன்றும் செய்யவில்லை. தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவளிடம்கூட இதுவரை கேட்கவில்லை” என்றாள். ஆனால் அவள் எழுதி வைத்திருந்த வரைவில், தேர்வு முடிந்ததும் தோழியைத் தனியாக அழைத்துப் பேசியதாகவும், தோழி கண்ணீர்விட்டு மனம் மாறி அடுத்த தாளை நேர்மையாக எழுதியதாகவும் இருந்தது.

யாரும் சரிபார்க்கப் போவதில்லை என்பது அவள் வாதம். சரிதான், விடைத்தாளைத் திருத்துபவர் கல்லூரிக்கு ஆள் அனுப்ப மாட்டார். அறவியல் தாளிலேயே பொய் எழுதலாமா என்ற கேள்வியை அவளிடமே விட்டுவிட்டேன். நான் காட்டியது வேறொன்று. அவளுடைய வரைவில் தேர்வறைப் பகுதியில் மின்விசிறியின் சத்தம் இருந்தது, தோழி முழங்கைக்குள் மடித்துவைத்த தாளின் நீளம் இருந்தது. மனம் மாறிய பகுதியில் ‘எடுத்துரைத்தேன்’, ‘உணர்ந்தாள்’, ‘திருந்தினாள்’ என்ற மூன்று வினைச்சொற்கள் மட்டும் இருந்தன. நடந்ததற்கு உடம்பு இருந்தது, நடக்காததற்கு வெறும் வினைமுற்றுகள். கட்டுக்கட்டாக விடைத்தாள் பார்ப்பவருக்கு நடந்ததும் நடக்காததும் சேரும் அந்த மடிப்பு எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

இந்தச் சம்பவத்தை உள்ளபடியே எழுதும் வழி ஒன்றும் இருக்கிறது. பேசாமல் இருந்துவிட்டேன், அது தவறு என்று இன்று நினைக்கிறேன், இன்று நடந்தால் இன்னது செய்வேன் என்று எழுதலாம். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். நீண்ட கட்டுரையாக இருந்தால், தோல்வியை எழுதுவதைத்தான் பரிந்துரைத்திருப்பேன். ஏனென்றால் தோல்விக்குப் பிறகு மனம் என்னென்ன சாக்குகளைத் தேடியது என்று விரித்துச் சொல்ல அங்கே இடம் உண்டு. 150 சொல்லில் அந்த இடம் கிடையாது. ‘எப்படித் தீர்த்தீர்கள்’ என்று கேட்பவரிடம் தீர்க்கவில்லை என்று சொல்லிவிட்டு, காரணத்தை விளக்கச் சொற்கள் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும். ஆக, இரண்டாவது சம்பவத்தைக் கைவிட்டதற்குக் காரணம் சம்பவம் மோசம் என்பதல்ல, கேள்வியின் அளவுக்கு அது பொருந்தவில்லை என்பதே.

மூன்றாவது சம்பவத்தை அவளே கடைசியில் வைத்திருந்தாள். “இது சின்ன விஷயம், மாமா. கடையில் தினமும் நடப்பதுதான்.” தினமும் நடப்பதுதான் என்றவுடன் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

சனிக்கிழமை இரவு எட்டு மணி. வழக்கமாக வரும் பெரியவர், எழுபதைத் தாண்டியவர். மனைவி இறந்த பிறகு பல ஆண்டுகளாக இரவில் தூக்கத்துக்கு அல்பிரசோலம் மாத்திரை அரை மில்லிகிராம் எடுத்துக்கொள்கிறார். கையில் இருந்த சீட்டு ஒரு மாதம் பழையது, முப்பது நாளைக்கு எழுதியது, மருந்து கொடுத்தாகிவிட்டது என்ற கடை முத்திரையும் அதில் விழுந்திருக்கிறது. எழுதிக்கொடுத்த மருத்துவர் செவ்வாய்க்கிழமைதான் ஊர் திரும்புவார். மாத்திரை வியாழனோடு தீர்ந்துவிட்டது. பெரியவருக்குக் கை நடுங்குகிறது, வியர்க்கிறது.

சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது. அல்பிரசோலம் மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் உள்ள மருந்து. 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கும் அந்த அட்டவணையின்படி, மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது என்பதோடு, ஒவ்வொரு விற்பனையையும் தனிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எழுதிய மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு எல்லாம் அதில் வரவேண்டும், அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஒருமுறை மருந்து கொடுத்த சீட்டுக்கு, மருத்துவர் அதில் அப்படிக் குறித்திருந்தாலொழிய, மறுமுறை கொடுக்கக்கூடாது. மருத்துவமும் தெளிவாக இருக்கிறது, சிக்கலே அதுதான். இந்த வகை மாத்திரையை நெடுநாள் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கடை உரிமையாளர் கல்லாவில் இருந்தபடியே சொல்லியிருக்கிறார், தெரிந்தவர்தானே, ஒரு பட்டை கொடுத்து அனுப்பு, பதிவேட்டில் தேதியை முன்னால் தள்ளிப் போட்டுக்கொள் என்று.

இப்போது சோதனையைப் போட்டுப் பாருங்கள். கொடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல மருத்துவரே வாதாடுவார். கொடுக்கக்கூடாது என்பதற்கு அதைவிட நல்ல மருத்துவர் ஒருவர் வாதாடுவார். முடிவெடுக்க வேண்டிய நேரம் ஒரு நிமிடம்தான், பெரியவர் எதிரிலேயே நிற்கிறார், கையெழுத்து இவளுடையது. இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் நல்ல சம்பவம் கிடைத்துவிட்டதால் விடை வந்துவிடாது. அவள் முன் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தோம்.

உரிமையாளர் சொன்னபடி செய்வது முதல் வழி. பெரியவர் அன்றிரவு தூங்குவார். ஆனால் பதிவேடு பொய்யாகிவிடும். அந்தப் பதிவேடு இருப்பதே இந்த மருந்து யாருக்கு, எவ்வளவு போகிறது என்று பின்னால் வருபவர் தெரிந்துகொள்வதற்காகத்தான். இன்னொன்றும் இருக்கிறது, அதை அக்கா மகள்தான் சொன்னாள்: நடுக்கமும் வியர்வையும் மாத்திரை நின்றதால்தான் வந்தது என்று யார் சொன்னது? சர்க்கரை இறங்கினாலும் அப்படித்தான் இருக்கும். மாத்திரையைக் கொடுத்து அனுப்பினால், வேறு நோய் எதுவும் இருந்தாலும் அது தூக்கத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

மறுத்து அனுப்புவது இரண்டாம் வழி. தேர்வுக்குப் படிப்பவர்களில் பெரும்பாலோர் இந்த வழியைத்தான் எழுதுகிறார்கள், விதியைப் பின்பற்றினேன் என்று நிமிர்ந்து சொல்ல முடியும் என்பதால். இதில் விதி பிழைக்கிறது. பெரியவர் பிழைப்பாரா என்பது அவருடைய அதிர்ஷ்டம். அடுத்த தெருக் கடையில் கேட்காமலே கொடுத்துவிடக்கூடும் என்பதும் இவளுக்குத் தெரியும். தன் கை சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைப்பதை அறம் என்று எழுதினால், ஆட்சிப்பணிக்கு ஆள் தேடுபவர் அதை எப்படிப் படிப்பார் என்று யோசிக்க வேண்டும்.

மூன்றாம் வழி, செவ்வாய் வரைக்கும் மூன்றே மூன்று மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பது, பதிவேட்டில் ஏற்றாமல் விடுவது. இதைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம், ஏனென்றால் இதுதான் பார்க்க அழகாக இருக்கிறது. கருணையும் இருக்கிறது, கட்டுப்பாடும் இருக்கிறது, நடுநிலை போலவும் தெரிகிறது. தேர்வர்களுக்கு நடுவழி என்றால் ஒரு மயக்கம் உண்டு, இரண்டு பக்கமும் பாதி பாதி கொடுத்துவிட்டால் நீதி என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே அந்தப் பாதியைப் பிரித்துப் பாருங்கள். சட்டமீறல் பத்து மாத்திரைக்கும் மூன்று மாத்திரைக்கும் ஒன்றுதான். முதல் வழியில் பதிவேட்டில் பொய் இருந்தது, இதில் பதிவே இல்லை. எத்தனை நாளைக்கு எவ்வளவு என்று முடிவு செய்தவரும் மருத்துவர் அல்லர். முதல் வழியின் குறைகள் எல்லாம் அப்படியே இருக்க, அளவு குறைவு என்ற ஒரே காரணத்துக்காக நம் மனம் இதை ஏற்றுக்கொள்ளத் துடிக்கிறது.

நான்காவது வழியைத்தான் அவள் உண்மையில் செய்தாள். மருத்துவருக்குத் தொலைபேசியில் அழைத்தாள், எடுக்கவில்லை. ஒரு தாளில் மருந்தின் பெயர், அளவு, எத்தனை ஆண்டுகளாக எடுக்கிறார், கடைசியாக எடுத்த நாள் எல்லாவற்றையும் எழுதி, கடைப் பையனைத் துணைக்குச் சேர்த்து, ஆட்டோவில் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அனுப்பினாள். அங்கிருந்த பணி மருத்துவர் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு, செவ்வாய் வரைக்கும் எழுதிக்கொடுத்தார். ஒன்பதரை மணிக்கு அந்தப் புதிய சீட்டுக்கு மருந்து கொடுத்து, பதிவேட்டில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். இந்த வழியின் வலு, இவள் எடுக்கக்கூடாத முடிவை இவள் எடுக்கவில்லை என்பதில் மட்டும் இல்லை. எடுக்க வேண்டியவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். மறுப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கடைப் பையனும் ஆட்டோவும்தான்.

இதற்கு ஒரு எல்லையும் உண்டு. பக்கத்தில் இரவு நேர மருத்துவமனை இல்லாத ஊரில் இதே விடை இவ்வளவு சுலபமாக வராது. அதை அவளிடம் சொன்னேன். விடையில் எழுத இடம் இல்லாவிட்டாலும், இதையே வழக்காய்வுக் கேள்வியாக மாற்றிக் கேட்டால் தயாராக இருக்க வேண்டும் என்று.

பிறகு எழுதினாள். முதல் வரைவு இப்படித் தொடங்கியது: “நான் உடனடியாக மருத்துவரைத் தொடர்புகொண்டேன்.” உடனடியாக என்றால் நெருக்கடி எங்கே இருந்தது என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, “உடனடியாக இல்லை, மாமா. மூன்று மாத்திரையைக் கத்தரித்துவிட்டேன். பதிவேட்டைத் திறக்காமலே உறையில் போடப்போனேன். உறையில் தேதி எழுதும்போதுதான் கை நின்றது” என்றாள். அதை ஏன் எழுதவில்லை என்றால், மதிப்பெண் போய்விடும் என்ற பயம். எனக்கோ, அவள் சொன்ன அத்தனையிலும் அந்தக் கத்தரி ஒன்றுதான் நெருக்கடிக்குச் சாட்சி.

நேரக் கணக்கு இப்படி வரும்: 250 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம் என்றால் 10 மதிப்பெண்ணுக்கு ஏழு நிமிடம்தான். சொற்கணக்கில் மட்டும் தமிழ்வழியினருக்கு ஒரு சின்ன வசதி. ‘எடுத்துக்கொண்டிருந்தவருக்கு’ என்று நாம் ஒரே சொல்லாக எழுதுவது ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லாகும். ஆகவே நூறு, நூற்றுப்பத்துத் தமிழ்ச் சொற்களில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம், கையும் வலிக்காது. விளக்கத்துக்கு ஒரு வாக்கியம் போதும், மீதி சம்பவத்துக்கும் எடைபோடுதலுக்கும். நான்கு வழிகளையும் எழுத இடமில்லை என்பதால், கொடுப்பது, மறுப்பது என்ற இரண்டை மட்டும் வெளிப்படையாக எடைபோட்டு, மூன்றாவதைக் கத்தரிக்குள் வைத்துவிடச் சொன்னேன். கடைசி வரைவு இது:

“எது சரி என்று உள்ளுக்குள் தெரிந்தும், அதன்படி நடந்தால் வேறொரு நியாயமான கடமை தவறிவிடுமோ என்று மனம் தவிக்கும் நிலையே மனச்சாட்சி நெருக்கடி.

நான் மருந்துக்கடையில் பணியாற்றியபோது, பல ஆண்டுகளாகத் தூக்க மாத்திரை எடுத்துவந்த முதியவர் ஒருவர், சனிக்கிழமை இரவு, ஏற்கெனவே மருந்து வாங்கி முடித்த சீட்டுடன் வந்தார். அவருடைய மருத்துவர் செவ்வாய் வரை ஊரில் இல்லை. திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். சீட்டின்றிக் கொடுப்பது சட்டமீறல். தேதியை மாற்றி எழுதிக் கொடுக்கும்படி உரிமையாளர் சொன்னார். மூன்று மாத்திரைகளைக் கத்தரித்தும்விட்டேன். உறையில் தேதி எழுதும்போது கை நின்றது.

கொடுத்தால் பதிவேடு பொய்யாகும். அவருடைய நடுக்கத்துக்கு வேறு நோய் காரணமென்றால் அதுவும் மறையும். மறுத்தால் விதி காப்பாற்றப்படும், அவர் காப்பாற்றப்படமாட்டார். மருந்து தேவையா என்று முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு; அவரிடம் கொண்டுசேர்ப்பது என் பொறுப்பு. எனவே மருந்து விவரத்தை எழுதிக்கொடுத்து, துணைக்கு ஆள் சேர்த்து, அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். அங்கு கிடைத்த புதிய சீட்டுக்கு மருந்து கொடுத்தேன். உரிமையாளர் கோபித்தார். முதியவர் ஒரு மாதம் கடைப்பக்கம் வரவில்லை.”

கடைசி இரண்டு வாக்கியங்களை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். முடிவுக்கு அவள் கொடுத்த விலை அங்கேதான் தெரிகிறது. அந்த இடத்தில் ‘முதியவர் கண்ணீர் மல்க நன்றி சொன்னார்’ என்று எழுதியிருந்தால், பிட் கதையில் விழுந்த அதே மடிப்பு இங்கேயும் விழுந்திருக்கும்.

ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னேன். விடையின் தலையில் ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க’ என்ற குறளை முழுதாக எழுதி வைத்திருந்தாள். மனச்சாட்சி என்று கேள்வியில் கண்டாலே தமிழ்வழியினர் பாதிப்பேர் கை அந்தக் குறளுக்குத்தான் போகும், நான் எழுதிய காலத்தில் என் கையும் போயிருக்கிறது. குறள் பொருத்தமானதுதான். அவளுக்கு அதை விட மனமே இல்லை. ஆனால் கத்தரி வாக்கியத்தைச் சேர்த்தபோது ஏழாம் நிமிடத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. குறளின் ஏழு சீரையும் அடித்துவிட்டு மறுபடி கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்தாள். ஆறே முக்கால் நிமிடம் ஆயிற்று.